ஒன்பது நாற்பதுக்கு வந்தால் அரை நாளாம்!

ஊரில் எந்தத் தெருவிலாவது வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்களா? காலை ஒன்பது மணிக்கு மேல் அந்தப் பக்கம் போய் ஐந்து நிமிடம் நின்றால் போதும். மேஸ்திரி கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். அதில் பெயர்கள். பெயருக்கு எதிரே திங்கள் முதல் சனி வரை கட்டங்கள். கட்டத்துக்குள் மூன்றே மூன்று விஷயங்கள்தான் எழுதப்படும். முழு நாள் வந்தால் 1. அரை நாள் என்றால் ½. வரவில்லை என்றால் ஒரு கோடு. அவ்வளவுதான் அந்த நோட்டின் கணிதம்!

இப்போது ஒரு சித்தாள் ஒன்பது நாற்பதுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏம்மா, மணி என்னாச்சு? இப்பத்தான் விடிஞ்சுதா?"

"பஸ் வரலண்ணே. அடுத்த பஸ்ல ஏறி வந்தேன்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அரை நாள் போட்டுக்கறேன். இஷ்டம்னா இரு, இல்லேன்னா நாளைக்கு சீக்கிரம் வா."

இந்த உரையாடல் தமிழ்நாட்டில் எந்தக் கட்டிட வேலையிலும் கேட்கக்கூடியதுதான். கேட்பவர்களுக்கும் பெரிதாக எதுவும் தோன்றாது. தாமதமாக வந்தால் கூலி குறையத்தானே செய்யும் என்று விட்டுவிடுவார்கள். குறையட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? எவ்வளவு குறைய வேண்டும் என்பதுதான் கேள்வி. அங்கேதான் ஒரு பெரிய திருட்டு சின்ன பின்னமாக வேடம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

கணக்கு மிகவும் எளிது. வேலை நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. ஆக 8 மணி நேர வேலை. சித்தாளுக்கு ஒரு நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (ஊருக்கு ஊர் மாறும், கணக்குக்காக ஒரு எண்). மணிக்கு 75 ரூபாய். நாற்பது நிமிடத்துக்கு 50 ரூபாய். அந்தச் சித்தாள் செய்யாமல் விட்ட வேலையின் மதிப்பு 50 ரூபாய். நோட்டில் ½ எழுதியதால் அவர் இழந்தது 300 ரூபாய். மிச்சம் 250 ரூபாய்க்கு என்ன பெயர் வைப்பது? அவர் செய்யாத வேலைக்கான பிடித்தம் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த 7 மணி 20 நிமிட வேலையையும் அவர் செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்.

வணிகவியல் படிக்கிற எவருக்கும் முழுமையாக்கல் தெரியும். பில்லில் 49 பைசா வந்தால் விட்டுவிடுவோம், 50 பைசா வந்தால் அடுத்த ரூபாய் ஆக்குவோம். சில சமயம் கடைக்காரருக்கு லாபம், சில சமயம் வாங்குபவருக்கு லாபம். ஆயிரம் பில் போட்டால் இரண்டும் ஏறக்குறைய சமனாகிவிடும். அதனால்தான் அதற்கு நியாயமான முறை என்று பெயர். மேஸ்திரி நோட்டில் நடப்பது அப்படியா? 7 மணி 20 நிமிடம் 4 மணி நேரமாகிறது. ஆறரை மணி நேரமும் 4 மணி நேரமாகிறது. சரி, எட்டே முக்கால் மணி நேரம் வேலை செய்தால் என்ன ஆகும் தெரியுமா? 8 மணி நேரம்! எந்தப் பக்கம் திருப்பினாலும் கீழே மட்டும் விழுகிற பகடை அது. ஆறு மணிக்கு மேல் யார் வேலை செய்கிறார்கள் என்று கேட்கிறவர்கள் ஒரு பூச்சு வேலையைப் போய்ப் பார்க்கட்டும். சிமெண்ட் கலவையைத் தண்ணீர் விட்டுக் கலந்துவிட்டால் அதை நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியாது, இறுகிவிடும். ஆறு மணிக்கு நாலு சட்டி கலவை மிச்சம் இருந்தால் அதைச் சுவரில் ஏற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கொத்தனார் கரணையைக் கழுவிய பிறகும் சித்தாளுக்குச் சட்டி, மண்வெட்டி கழுவி, நாளைக்கான செங்கலுக்குத் தண்ணீர் விட்டு நனைக்கிற வேலை இருக்கும். இது எந்தக் கட்டத்தில் எழுதப்படுகிறது? எதிலும் இல்லை.

ஒரு வாரத்தை முழுதாகப் போட்டுப் பார்த்தால்தான் இது எவ்வளவு பெரியது என்று புரியும். கீழே வருவது ஒரு மாதிரிக் கணக்குதான், ஆனால் இதில் வருகிற ஒவ்வொரு நாளும் சாதாரணமாக எந்த வேலையிடத்திலும் நடப்பதுதான்.

திங்கள், முழு வேலை. செவ்வாய், பஸ் தவறி 9.40க்கு வந்தார், ஆறு மணி வரை இருந்தார். புதன், சரியாக வந்து கலவை மிச்சத்தால் 6.45க்குக் கிளம்பினார். வியாழன், பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்து 4.30க்குச் சொல்லிவிட்டுப் போனார். வெள்ளி, ஒன்பதுக்கே வந்துவிட்டார், ஆனால் எம்-சாண்ட் லாரி வந்து சேர்ந்தது 11.30க்கு, அதுவரை எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், மேஸ்திரி எல்லோருக்கும் அரை நாள் போட்டார். சனி, முழு வேலை, சாயங்காலம் பட்டுவாடா.

நோட்டில் இருப்பது: 1, ½, 1, ½, ½, 1. மொத்தம் நாலரை நாள். கூலி 2,700 ரூபாய்.

அவர் வேலையிடத்தில் இருந்த நேரத்தை சாப்பாட்டு நேரம் கழித்துக் கூட்டிப் பாருங்கள். 46 மணி 35 நிமிடம் வருகிறது. நாலரை நாள் என்றால் 36 மணி நேரம். பத்தரை மணி நேரத்துக்கு மேல் காற்றில் போய்விட்டது. அந்த அம்மா வாரத்தில் ஒரு நாள் கூட விடுப்பு எடுக்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். "கூலிக்காரங்களுக்கு ஏதுப்பா சட்டம்?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். இருக்கிறது, அதுவும் ரொம்பப் பழையது.

1936ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் காலத்தில் வந்த ஊதியப் பட்டுவாடா சட்டத்தின் 9ஆவது பிரிவு, வேலைக்கு வராத நேரத்துக்கு மட்டும்தான் பிடிக்கலாம் என்றது. அதிலும் மொத்த வேலை நேரத்தில் வராத நேரம் எத்தனை பங்கோ, அந்தப் பங்குக்கு மேல் பிடிக்கக் கூடாது. (பத்துப் பேரோ அதற்கு மேலோ கூடிப் பேசி அறிவிப்பில்லாமல் வராமல் இருந்தால் மட்டும் தனி விதி. பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவருக்கு அது பொருந்தாது.) 1948ஆம் ஆண்டு குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 15ஆவது பிரிவு இன்னொன்று சொன்னது. நாள் கணக்கில் கூலி பேசப்பட்ட ஆளுக்கு முழு நாள் வேலை கிடைக்காமல் போனாலும் முழு நாள் கூலி கொடுக்க வேண்டும். அவரே வேலை செய்ய விரும்பாமல் போனால்தான் அந்த உரிமை போகும். வேலை கொடுக்காதது முதலாளி என்றால் போகாது. இந்த இரண்டு சட்டங்களும் இப்போது 2019ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டன. அது 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. பழைய 15 அங்கே 10ஆவது பிரிவு, பழைய 9 அங்கே 20ஆவது பிரிவு. வார்த்தைகள் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. அதாவது இந்த ½ஐச் சட்டவிரோதமாக்குகிற விதிக்கு ஏறக்குறைய தொண்ணூறு வயது!

இன்னொரு பிரிவும் உண்டு. வழக்கமான நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. அந்தப் பிரிவில் ஒரு சொற்றொடர் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும், "அல்லது மணி நேரத்தின் பகுதிக்கும்" என்கிற பொருளில் எழுதியிருக்கிறார்கள். சட்டம் எழுதியவர்களுக்கு மணி நேரத்துக்குள்ளும் பகுதிகள் உண்டு என்று தெரிந்திருக்கிறது. மேஸ்திரி நோட்டுக்கு மட்டும் ஒரு நாளுக்குள் இரண்டே பகுதிகள்தான் தெரியும்.

இதன்படி அதே வாரத்தைத் திரும்பப் போடலாம். திங்கள் 600. செவ்வாய் நாற்பது நிமிடம் கழித்து 550. புதன் 600, கூடவே முக்கால் மணி நேரத்துக்கு இரட்டிப்புக் கணக்கில் 112.50. வியாழன் அவரே கிளம்பினார், அதனால் ஆறரை மணி நேரத்துக்கு 487.50. வெள்ளி லாரி வராதது அவர் குற்றமில்லை, முழு 600. சனி 600. கூட்டினால் 3,550 ரூபாய். கையில் வந்தது 2,700. வித்தியாசம் 850 ரூபாய், அதாவது ஒரே வாரத்தில் ஏறக்குறைய ஒன்றரை நாள் கூலி.

மழை பெய்து வேலை நின்றால் என்ன செய்வது என்று சிலர் கேட்பார்கள். அது வாதம் செய்ய இடமுள்ள விஷயம்தான், ஒத்துக்கொள்ளலாம். லாரி வராததையும் சிமெண்ட் தீர்ந்ததையும் மழையோடு சேர்க்கக் கூடாது என்பதுதான் முக்கியம். பொருளைக் கொண்டுவந்து சேர்ப்பது வேலை கொடுப்பவர் பொறுப்பு.

சரி, மேஸ்திரி தரப்பில் நியாயமே இல்லையா? இருக்கிறது. அவர் சொல்வது இதுதான்: "சித்தாள் வரலேன்னா கலவை போட ஆள் இல்ல. கொத்தனார் கைய கட்டிக்கிட்டு நிப்பார். அவர் கூலிய யார் குடுக்கறது?" இது பொய்யில்லை. கட்டிட வேலை தனி ஆள் வேலை இல்லை, ஒரு செட்டாகத்தான் நடக்கும். சித்தாள் இல்லாமல் கொத்தனார் முடங்கிப்போவார். ஆகவே அந்த நஷ்டத்தையும் கணக்கில் சேர்த்துவிடுவோம். கொத்தனாருக்கு நாளுக்கு 1,000 ரூபாய் என்றால் மணிக்கு 125. நாற்பது நிமிடம் அவர் முழுசாகச் சும்மா நின்றால் நஷ்டம் 83 ரூபாய் சொச்சம். (உண்மையில் அவர் அந்த நேரத்தில் நூல் கட்டுவார், தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பார், டீ குடிப்பார். போகட்டும்.) சித்தாளின் 50ஐயும் சேர்த்தால் 133 ரூபாய். பிடித்தது 300! மேஸ்திரியின் வாதத்தை முழுசாக ஏற்றுக்கொண்டாலும் நஷ்டத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பிடிக்கப்படுகிறது. அந்த மிச்சத்துக்கு அவரிடம் எந்தப் பதிலும் கிடையாது.

"அது அபராதம்ங்க, அப்பத்தான் நாளைக்கு சீக்கிரம் வருவாங்க" என்பது அடுத்த வாதம். அபராதம் என்றால் அதற்கும் விதி இருக்கிறது. எந்தெந்தக் குற்றத்துக்கு அபராதம் என்று அரசின் ஒப்புதல் பெற்று முன்கூட்டியே எழுதி ஒட்டியிருக்க வேண்டும். சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். அப்படியே போட்டாலும் ஒரு சம்பளக் காலத்தில் மொத்தம் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாரக் கூலி 3,600 என்றால் வாரம் முழுவதற்கும் அதிகபட்சம் 108 ரூபாய். ஒரு செவ்வாய்க்கிழமைக்கு 250 ரூபாய் அபராதம் போட இந்தியாவில் எந்த முதலாளிக்கும் அதிகாரம் இல்லை. பெரிய தொழிற்சாலை நடத்துபவருக்கே இல்லாத அதிகாரம் மேஸ்திரிக்கு எங்கிருந்து வந்தது?

சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு வெறும் நிர்வாகமாகப் பார்த்தாலும் இந்த முறை முட்டாள்தனமானது. அபராதத்துக்குப் பயந்து சீக்கிரம் வருவார்கள் என்பதுதானே எண்ணம்? ஒன்பதேகாலுக்கு மேல் வந்தால் அரை நாள் என்று வைத்துவிட்டால், ஒன்பது இருபதுக்கு வருபவருக்கும் மதியம் இரண்டு மணிக்கு வருபவருக்கும் ஒரே கூலி. பஸ் தவறிய சித்தாளுக்கு எது புத்திசாலித்தனம்? வீட்டுக்குத் திரும்பிப் போய், துணியைத் துவைத்துப் போட்டு, ரேஷன் கடைக்குப் போய்விட்டு இரண்டு மணிக்கு வருவதுதான்! விவரம் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். நாற்பது நிமிடத் தாமதத்தைத் தடுக்க வந்த விதி, நாலு மணி நேரத் தாமதத்தைத் தயாரித்துக் கொடுக்கிறது. சாயங்காலமும் இதே கதை. நாலரைக்குப் போனாலும் ஒரு மணிக்குப் போனாலும் அரை நாள்தான் என்றால், பிள்ளையைப் பார்க்கப் போக வேண்டியவர் எதற்கு நாலரை வரை இருக்க வேண்டும்? மணிக்கணக்கில் கொடுத்தால் பஸ் தவறியவர் அடித்துப் பிடித்து ஓடி வருவார், ஏனென்றால் அவர் ஓடுகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு இருக்கிறது.

இவ்வளவு முட்டாள்தனமான முறை ஏன் அழியாமல் இருக்கிறது? மேஸ்திரிகள் முட்டாள்கள் இல்லை என்பதால்தான். அந்த ½ எங்கே போய்ச் சேருகிறது என்று பின்தொடர்ந்தால் விஷயம் விளங்கிவிடும். சதுர அடிக் கணக்கில் வேலை எடுத்திருந்தால், சுவர் எழுந்த அளவுக்கு வீட்டுக்காரர் பணம் கொடுத்துவிடுவார். அந்தச் சுவரை 46 மணி நேர உழைப்பு எழுப்பியதா 36 மணி நேரம் எழுப்பியதா என்று அவருக்குக் கவலை இல்லை. சித்தாளுக்குக் குறைக்கிற ஒவ்வொரு ரூபாயும் நேராக மேஸ்திரி பையில். நாள் கணக்கில் வேலை என்றால் இன்னும் வேடிக்கை. வீட்டுக்காரரிடம் சனிக்கிழமை நீட்டுகிற கணக்கில் "சித்தாள் 6" என்று இருக்கவும், சித்தாளிடம் படிக்கிற நோட்டில் நாலரை இருக்கவும் வாய்ப்பு தாராளமாக இருக்கிறது. எல்லா மேஸ்திரிகளும் அப்படி என்று சொன்னால் அது அநியாயம். ஆனால் கண்டுபிடிப்பது சுலபம். வீட்டுக்காரர் அந்தந்த நாள் சாயங்காலம் தலையை எண்ணிக் காலண்டரில் குறித்து வைத்துவிட்டு, சனிக்கிழமை பட்டுவாடாவின்போது பக்கத்தில் நின்று யாருக்கு எவ்வளவு கொடுக்கப்படுகிறது என்று பார்த்தால் போதும். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவதாக ஒரு பை இருக்கிறது என்று அர்த்தம். வீடு கட்டுகிறவர்களில் எத்தனை பேர் அப்படி நிற்கிறார்கள்? பணத்தை மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டு டைல்ஸ் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த ½ யார் பெயருக்கு எதிரே அதிகம் விழ வாய்ப்பு? கொத்தனார் பத்து நிமிடம் லேட்டாக வந்தால் மேஸ்திரி வாயைத் திறக்கமாட்டார். கை தேர்ந்த கொத்தனார் கோபித்துக்கொண்டு போனால் அடுத்த ஆள் கிடைப்பது கஷ்டம். சித்தாள் போனால் நாளைக்கே வேறு ஒருவர். காலையில் தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருவதும் அவர்தான். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை, நல்லதுதான். ஆனால் பஸ் எப்போது வரும் என்பதை அந்தத் திட்டம் சொல்லவில்லையே. ஏற்கெனவே குறைந்த கூலி வாங்குபவரிடம்தான் பின்னத்தின் கத்தி ஆழமாக இறங்குகிறது.

சில இடங்களில் முக்கால் நாள், கால் நாள் என்றும் எழுதுகிறார்கள். அது கொஞ்சம் பரவாயில்லை. படியின் உயரம் நாலு மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரமாகிறது. ஆனால் கீழ்நோக்கி மட்டுமே வெட்டுகிற பழக்கம் போகாதவரை அதுவும் திருட்டுதான், சின்னத் திருட்டு. 9.40க்கு வந்தவருக்கு முக்கால் நாள் போட்டால் 50 ரூபாய்த் தாமதத்துக்கு 150 ரூபாய் போகிறது.

மாற்றாக என்ன செய்யலாம் என்று கேட்டால், அதே நாற்பது பக்க நோட்டே போதும். கட்டத்துக்குள் 1, ½ எழுதுவதற்குப் பதில் வந்த நேரம், போன நேரம் எழுத வேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிடம் வரை சலுகை. அதற்கு மேல் அருகிலுள்ள கால் மணி நேரத்துக்கு முழுமையாக்கலாம், ஆனால் இரண்டு பக்கமும். அதாவது 9.40 என்பது 9.45 ஆகும்போது, 6.40 என்பதும் 6.45 ஆக வேண்டும். நாள் கூலியை எட்டால் வகுத்து மணிக்கூலியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டால் சனிக்கிழமை யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். "இதெல்லாம் மேஸ்திரிக்கு எழுதத் தெரியுமா?" என்று கேட்க வேண்டாம். எத்தனை மூட்டை சிமெண்டுக்கு எத்தனை யூனிட் மணல், எத்தனை ஆயிரம் கல் என்று மனக்கணக்காகச் சொல்கிறவருக்கு எட்டால் வகுக்கத் தெரியாதா என்ன?

அதுவரை சித்தாள்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தினமும் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் வீட்டுக் காலண்டரிலேயே தேதிக்குப் பக்கத்தில் எழுதி வைப்பது. எழுதத் தெரியாவிட்டால் பிள்ளைகள் எழுதலாம். முடிந்தால் சனிக்கிழமை மேஸ்திரி நோட்டின் பக்கத்தை செல்போனில் ஒரு படம். புதிய சட்டத்தில் குறைத்துக் கொடுத்த கூலியைக் கேட்டு மனுப் போட மூன்று வருட அவகாசம் இருக்கிறது (பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் ஆறு மாதம்தான் இருந்தது). மனுப் போட்டுவிட்டால், சரியாகக் கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியவர் வேலை கொடுத்தவர். நிரூபிக்க அவர் கையில் இருக்கப்போவது அந்த நோட்டுதான், அதில் நேரம் எதுவும் இல்லை.